எஸ்எஸ்டியின் பெயர் SATAFIRM S11 என்று மாறிவிட்டது, அளவு பூஜ்யம் – எதைச் செய்து பார்க்கலாம்?

கும்பகோணம்_டிடிபி – ஜூன் 3, காலை 11.20

கடைக் கம்ப்யூட்டரில் டி டிரைவாக இருந்த 240 ஜிபி எஸ்எஸ்டி இன்று காலை காணவில்லை. விண்டோஸ் வேறு டிஸ்கில் இருப்பதால் அது வழக்கம்போல் வருகிறது. பயாஸுக்குள் போய்ப் பார்த்தால், கம்பெனி பெயர் இருந்த இடத்தில் `SATAFIRM   S11` என்று இருக்கிறது. இப்படி ஒரு பொருளை நான் வாங்கவே இல்லை. Disk Management-இல் `Unknown`, `Not Initialized` என்று காட்டுகிறது. அளவு இருக்க வேண்டிய இடம் காலி. இனிஷியலைஸ் செய்யவா என்று கேட்டது. பதற்றத்தில் ஒரு தடவை OK கொடுத்துவிட்டேன், பிழைச்செய்தி வந்து நின்றுவிட்டது.

நேற்று மதியம் மூன்று நான்கு தடவை கரண்ட் போய்ப் போய் வந்தது. யுபிஎஸ் பேட்டரியும் பழசு. ஆனால் ராத்திரி முறையாகத்தான் ஷட்டவுன் செய்தேன்.

உள்ளே ஆறு வருஷத்துப் பத்திரிகை டிசைன்கள், பள்ளிக்கூடக் கேள்வித்தாள்கள், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கோயில் கும்பாபிஷேக மலர், 64 பக்கம். 20ஆம் தேதி அச்சுக்குப் போக வேண்டும். பென்டிரைவில் காப்பி எடுத்தது ஜனவரியில். பக்கத்துக் கடைக்காரர் ஃபார்மட் போட்டால் சரியாகிவிடும் என்கிறார். போடலாமா?

பெஞ்ச்_மதுரை – ஜூன் 3, காலை 11.48

போடாதீர்கள். இனி அந்தப் பெட்டி வந்தால் Cancel. கம்ப்யூட்டரை அணைத்து, அந்த எஸ்எஸ்டியின் பவர் கேபிளைக் கழற்றி வையுங்கள். கையில் ஒரு போர்டு சூடாக இருக்கிறது, மதியம் விரிவாக எழுதுகிறேன்.

ஃபிளாஷ்_குமார் – ஜூன் 3, மதியம் 12.05

S11 அரை மணி நேர வேலை. மூடியைக் கழற்றினால் போர்டில் இரண்டு புள்ளி இருக்கும். ட்வீசரால் அதை ஷார்ட் செய்துகொண்டே பவர் கொடுத்து, ஃபர்ம்வேரைத் திரும்ப ஏற்றினால் பெயரும் அளவும் வந்துவிடும். போன தீபாவளிக்கு என்னுடையதை இப்படித்தான் சரி செய்தேன். இன்று வரை ஓடுகிறது. வேண்டுமென்றால் டூல் அனுப்புகிறேன்.

கும்பகோணம்_டிடிபி – ஜூன் 3, மதியம் 12.11

உள்ளே இருக்கிற ஃபைலும் அப்படியே வந்துவிடுமா தம்பி?

ஃபிளாஷ்_குமார் – ஜூன் 3, மதியம் 12.20

வரும் என்றுதான் நினைக்கிறேன் அக்கா. என்னுடையதில் விண்டோஸ் மட்டும் இருந்தது. அதைப் புதிதாகப் போட்டுக்கொண்டேன், அதனால் உள்ளே தேடிப் பார்க்கவில்லை.

பெஞ்ச்_மதுரை – ஜூன் 3, மதியம் 2.40

குமார், நீங்கள் சொன்ன வழியில் டிரைவ் பிழைக்கும் என்பது உண்மை. ஃபைல் பிழைக்காது. அக்கா அந்த டூலைத் தொடவே கூடாது. காரணத்தைச் சொல்கிறேன்.

எஸ்எஸ்டிக்குள் ஒரு கன்ட்ரோலர் சிப், சில ஃபிளாஷ் சிப்கள், அவ்வளவுதான். கன்ட்ரோலருக்கு உள்ளேயே அழிக்க முடியாத ஒரு குட்டி புரோகிராம் உண்டு. பவர் வந்ததும் அது எழுந்து, மீதி ஃபர்ம்வேரை ஃபிளாஷ் சிப்பிலிருந்து படிக்கும். அடுத்து, உங்கள் ஃபைலின் எந்தத் துண்டு எந்த சிப்பில் எந்தப் பக்கத்தில் கிடக்கிறது என்கிற பெரிய அட்டவணையைப் படிக்கும். அந்த அட்டவணையும் அதே ஃபிளாஷ் சிப்பில்தான் எழுதப்பட்டிருக்கிறது. இதையெல்லாம் படித்து முடித்த பிறகுதான் அது தன்னை இன்ன கம்பெனி, இன்ன மாடல், 240 ஜிபி என்று அறிமுகம் செய்துகொள்ளும். நடுவில் ஏதாவது படிக்க முடியாமல் போனால் கம்பெனி ஒட்டிய பெயர் அதற்குத் தெரியாது. கன்ட்ரோலர் செய்தவர்கள் வைத்த பிறவிப் பெயரைச் சொல்லும். அதுதான் உங்கள் திரையில் இருக்கும் `SATAFIRM   S11`. அட்டவணை கையில் இல்லாததால் அளவும் சொல்லத் தெரியாது.

ஆக, உங்கள் மலர் பெரும்பாலும் அந்த சிப்புகளுக்குள் அப்படியே இருக்கிறது. 64 பக்கமும் பல்லாயிரம் துண்டுகளாக, வரிசை இல்லாமல், பிழைதிருத்தக் குறியீடுகளோடு கலந்து கிடக்கிறது. அதைக் கோர்க்கிற நூல்தான் அறுந்துபோயிருக்கிறது. குமார் சொல்லும் டூல் என்ன செய்யும் தெரியுமா? ஃபிளாஷ் சிப்பைத் துடைத்து, கெட்ட இடங்களைக் கணக்கெடுத்து, புது ஃபர்ம்வேரும் காலி அட்டவணையும் எழுதும். தொழிற்சாலையில் புது டிரைவுக்குச் செய்கிற வேலையே அது. பெயர் வரும், அளவு வரும், உள்ளே ஒன்றும் இருக்காது. அதற்குப் பிறகு எந்த லேபுக்குக் கொண்டுபோனாலும் கைவிரிப்பார்கள்.

அதனால் முதலில் முடிவு செய்ய வேண்டியது டிரைவ் வேண்டுமா, ஃபைல் வேண்டுமா என்பது. டிரைவுக்கு ஒரு வழி, ஃபைலுக்கு வேறு வழி. உங்களுக்கு ஃபைல்தான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

அந்த ஒரு OK பற்றிக் கவலை வேண்டாம். பிழை காட்டி நின்றிருக்கிறது. இந்த நிலையில் இருக்கிற டிரைவ் பெரும்பாலும் எழுதுவதை ஏற்பதே இல்லை.

என் ஊகம், நேற்றுக் கரண்ட் போனபோது அட்டவணை பாதி எழுதிய நிலையில் நின்றிருக்கிறது.

மாடிவீடு – ஜூன் 3, மாலை 4.02

எனக்கும் இதே பிரச்சினை. பழைய லேப்டாப் ஹார்ட் டிஸ்கை ஒரு யுஎஸ்பி பெட்டிக்குள் போட்டேன். டிஸ்கின் பெயர் போய் `ASMT 2115 USB Device` என்று வருகிறது. ஃபைலெல்லாம் திறக்கிறது. ஃபர்ம்வேர் போய்விட்டதா? உடனே வேறு டிஸ்க் வாங்க வேண்டுமா?

பெஞ்ச்_மதுரை – ஜூன் 3, மாலை 4.30

இல்லை சார், உங்கள் டிஸ்குக்கு ஒன்றும் இல்லை. அது பெட்டிக்குள் இருக்கும் யுஎஸ்பி மாற்றிச் சிப்பின் பெயர். பல பெட்டிகள் டிஸ்கின் பெயரை மறைத்துத் தங்கள் பெயரைக் காட்டும். அளவு சரி, ஃபைல் திறக்கிறது என்றால் நிம்மதியாக இருங்கள்.

நீங்கள் கேட்டதால் எல்லோருக்கும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். யுஎஸ்பி வழியாக வரும் பெயரையோ பூஜ்ய அளவையோ வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது. பெட்டிக்குப் போதுமான கரண்ட் வராவிட்டாலும் அளவு பூஜ்யமாகத் தெரியும். டிஸ்கை வெளியே எடுத்து, மதர்போர்டின் சாட்டா போர்ட்டில் நேரடியாக மாட்டிப் பார்த்த பிறகுதான் பேச்சு. என்னிடம் "ஃபர்ம்வேர் போச்சு" என்று வந்த டிஸ்குகளில் சில, பெட்டியை மாற்றியதும் வாசலிலேயே திரும்பிப் போயிருக்கின்றன.

பழைய_ஐடிஇ – ஜூன் 3, இரவு 8.15

பூஜ்ய அளவு என்றதும் எனக்கு 2009 ஞாபகம் வந்துவிட்டது. ஹார்ட் டிஸ்குக்கு இதே நோய்க்கு மருந்து இருந்ததே! போர்டின் ஓரத்தில் இருக்கிற பின்களில் 3.3 வோல்ட் சீரியல் கேபிளைச் செருகி, 38400 வேகத்தில் டெர்மினல் திறந்து, Ctrl+Z அழுத்தினால் `F3 T>` என்று வரும். அதில் ஒரு கட்டளை அடித்தால் டிஸ்க் உயிர் பெறும். ஃபைல் ஒன்றுகூடப் போகாது. நானே செய்திருக்கிறேன். இந்த எஸ்எஸ்டிக்கும் அப்படி ஏதாவது இருக்குமே?

பெஞ்ச்_மதுரை – ஜூன் 3, இரவு 10.05

அண்ணே, அது நல்ல கதை. ஆனால் அதைத் தவறாகப் புரிந்துகொண்டு டிஸ்கைக் கொன்றவர்களும் உண்டு. அதனால் முழுதாக எழுதுகிறேன்.

நீங்கள் சொல்வது சீகேட் பாரகுடா 7200.11 வரிசை, `SD15` முதலான ஃபர்ம்வேர் இருந்தவை. அந்த டிஸ்க் தன் நிகழ்வுகளை ஒரு பதிவேட்டில் எழுதிக்கொண்டே வரும். பதிவேட்டின் எண் 320-ஐத் தொட்டிருக்கும் நேரத்தில், அல்லது அதிலிருந்து 256, 256-ஆக ஏறிய எண்களில் நிற்கும் நேரத்தில் பவர் வந்தால் ஃபர்ம்வேர் குழம்பிப் பூட்டிக்கொள்ளும். எல்லா டிஸ்கிலும் இல்லை. தொழிற்சாலைச் சோதனையின் எச்சமாக ஒரு குறிப்பிட்ட தகவல் அந்தப் பகுதியில் தங்கிவிட்ட டிஸ்குகளில் மட்டும். சிலது கணினிக்கே தெரியாது. சிலது சரியான பெயரோடு, அளவு மட்டும் பூஜ்யமாக வரும்.

இதில் முக்கியமானது, டிஸ்கில் எதுவும் கெட்டுப்போகவில்லை என்பதுதான். தட்டும் நன்றாக இருந்தது, தலையும் நன்றாக இருந்தது. எழுதிய புரோகிராமில்தான் பிழை. அதனால்தான் டெர்மினலில் பூட்டைத் திறந்ததும் எல்லாம் அப்படியே வந்தது.

நீங்கள் அடித்த கட்டளை `m0,2,2` என்று தொடங்கி `22` என்று முடியும், இல்லையா? அது அட்டவணையைத் திரும்பக் கட்டச் சொல்கிற கட்டளை. அந்த வரிசையில் அந்த நோய்க்கு அது மருந்து. பிற்காலத்து டிஸ்குகளில், அல்லது பயன்பாட்டில் நிறைய கெட்ட செக்டர் சேர்ந்த டிஸ்குகளில், கட்டும்போது சில விஷயங்கள் விட்டுப்போய் ஃபைல்கள் எல்லாம் இடம் நகர்ந்து குப்பையாகத் தெரியும். அப்புறம் மீட்பது மிகக் கஷ்டம். ஏதோ வீடியோவைப் பார்த்து இன்றைய டிஸ்கில் அதை அடித்துவிட்டுக் கொண்டுவருகிறார்கள். பார்க்கவே மனசு கஷ்டமாக இருக்கும்.

இன்னொன்று. அந்த 2009 ஜனவரியில் கம்பெனி கொடுத்த முதல் திருத்தமே சில 500 ஜிபி மாடல்களை முடக்கியது. அதைத் திரும்பப் பெற்று, வேறொன்று வெளியிட்டார்கள். ஃபர்ம்வேர் செய்தவர்களுக்கே அப்படி என்றால், இணையத்தில் கிடைத்த ஃபைலை ஏற்றுகிற நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

எஸ்எஸ்டிக்கு வருகிறேன். உள்ளே பேச ஒரு சீரியல் வழி சில போர்டுகளில் இருக்கலாம். ஆனால் `SATAFIRM` நிலையில் பூட்டைத் திறக்கிற ஒற்றைக் கட்டளை கிடையாது. இங்கே பிரச்சினை பூட்டு இல்லை, அட்டவணையையே படிக்க முடியவில்லை.

பழைய_ஐடிஇ – ஜூன் 3, இரவு 10.20

சரி தம்பி. அந்தக் கட்டளையை எல்லா டிஸ்குக்கும் பொது என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேருக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். நாளைக்குக் காலையில் முதல் வேலையாக அவர்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறேன்.

பெஞ்ச்_மதுரை – ஜூன் 4, காலை 7.30

அக்கா, நீங்களே செய்து பார்க்கக்கூடியது இவ்வளவுதான். சாட்டா கேபிளை வேறு ஒன்றால் மாற்றுங்கள், வேறு போர்ட், முடிந்தால் வேறு கம்ப்யூட்டர். பிறகு ஒரு பென்டிரைவில் லினக்ஸ் போட்டு அதிலிருந்து பூட் செய்யுங்கள். விண்டோஸ் போல அது இனிஷியலைஸ் செய்யவா என்று தொந்தரவு செய்யாது. டெர்மினலில் இந்த இரண்டையும் அடியுங்கள். இரண்டும் கேட்டுத் தெரிந்துகொள்ள மட்டும், எதையும் எழுதாது.

```
lsblk -d -o NAME,SIZE,MODEL
sudo dmesg | grep -i "logical blocks"
```

எந்தத் தடவையாவது சரியான பெயரும் அளவும் வந்தால், அதிர்ஷ்டம் என்று நினைத்து டிரைவைச் சோதித்துக்கொண்டு உட்காராதீர்கள். அணைக்காமல் மலர் இருக்கும் ஃபோல்டரை முதலில் காப்பி எடுங்கள். அடுத்த தடவை அது வராமலே போகலாம்.

பவர் மட்டும் கொடுத்து இருபது நிமிஷம் வைத்திருந்து, அரை நிமிஷம் கழற்றி, திரும்ப இருபது நிமிஷம் வைக்கிற முறையும் ஒன்று உண்டு. செய்து பாருங்கள், அதில் கெடுதல் இல்லை.

பெஞ்ச்_மதுரை – ஜூன் 4, காலை 9.10

மேலே கடைசியாக எழுதியதைத் திருத்துகிறேன். கெடுதல் இல்லை என்று அவசரப்பட்டு எழுதிவிட்டேன். அந்த இருபது நிமிஷ முறை, பவர் போன பிறகு கணினியில் தெரியாமல் போன டிரைவ் தன் அட்டவணையைத் தானே சீர் செய்துகொள்ள நேரம் கொடுப்பதற்காக. குருஷியல் கம்பெனி தன் எஸ்எஸ்டிகளுக்கு அதைச் சொல்லியிருக்கிறது. பிறவிப் பெயரைக் காட்டுகிற டிரைவ் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது. சீர் செய்கிற ஃபர்ம்வேரே அங்கே முழுதாக ஓடவில்லை. ஃபிளாஷ் சிப் நலிந்து வருகிறது என்றால் ஒவ்வொரு தடவை பவர் கொடுப்பதும் ஒரு செலவு. அதனால் அக்கா, கேபிள் மாற்றிப் பார்க்கிற இரண்டு மூன்று தடவையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கும்பகோணம்_டிடிபி – ஜூன் 4, மதியம் 1.15

தங்கை மகன் லினக்ஸ் பென்டிரைவ் செய்து கொடுத்தான். இரண்டு கம்ப்யூட்டரிலும் இதுதான் வருகிறது:

```
NAME   SIZE MODEL
sda  223.6G (விண்டோஸ் டிஸ்க்)
sdb      0B SATAFIRM   S11
[sdb] 0 512-byte logical blocks: (0 B/0 B)
```

sda-வின் மாடல் பெயரை நான்தான் மாற்றி எழுதியிருக்கிறேன், மற்றது திரையில் இருந்தபடி. இருபது நிமிஷ முறையை நீங்கள் திருத்துவதற்கு முன்பே ஒரு தடவை செய்துவிட்டேன். ஒன்றும் மாறவில்லை. ஏதாவது ரெக்கவரி சாஃப்ட்வேர் வாங்கலாமா?

பெஞ்ச்_மதுரை – ஜூன் 4, மதியம் 1.50

ஒரு தடவைதானே, பரவாயில்லை.

சாஃப்ட்வேருக்குக் காசு கொடுக்காதீர்கள். அந்த மாதிரி புரோகிராம் எல்லாம் டிரைவிடம் "முதல் செக்டரைக் கொடு, இரண்டாவதைக் கொடு" என்று வரிசையாகக் கேட்டு வாங்கித்தான் ஃபைலைத் தேடும். உங்கள் டிரைவ் தன்னிடம் செக்டரே இல்லை, பூஜ்யம் என்று சொல்கிறது. கேட்பதற்கே இடம் இல்லாதபோது எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அது என்ன செய்யும்?

இதைவிட ஏமாற்றுகிற நிலை ஒன்றும் உண்டு, பின்னால் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். பெயர் `SATAFIRM   S11` என்றே இருக்கும், ஆனால் அளவு முழுதாக 240 ஜிபி காட்டும். ஆஹா, படித்துவிடலாம் என்று தோன்றும். அப்போது முதல் செக்டரை மட்டும் இப்படிப் பாருங்கள். `sdb` என்பது உங்கள் டிரைவுக்கு வந்த பெயர்தானா என்று `lsblk`-இல் பார்த்துவிட்டு அடியுங்கள்.

```
sudo hexdump -C -n 512 /dev/sdb
```

நல்ல டிரைவாக இருந்தால் கடைசிக்கு முந்தைய வரியில் எண்கள் `55 aa` என்று முடியும். பிழை வந்தால் படிக்க முடியவில்லை என்று அர்த்தம். எல்லாம் `00` என்று வந்தால்தான் குழப்பம். டிரைவ் பிழை சொல்லாமல் வெறும் பூஜ்யத்தைக் கொடுக்கிறது. இமேஜ் எடுக்கும் புரோகிராம் அதை நம்பி, ராத்திரி முழுக்க ஓடி, 100 சதவீதம் வெற்றி என்று சொல்லும். 240 ஜிபிக்கு பூஜ்யம் மட்டும் இருக்கும். ஒருவர் அப்படி ஒரு இமேஜை வைத்துக்கொண்டு, டிரைவை ஃபிளாஷ் செய்துவிட்டு, அப்புறம் இமேஜைத் திறந்து பார்த்தார். அவர் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

ஃபிளாஷ்_குமார் – ஜூன் 4, மாலை 5.25

சரிண்ணே, நான் சொன்ன டூல் துடைக்கிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கம்பெனியின் இணையதளத்திலேயே ஃபர்ம்வேர் அப்டேட் இருக்கிறதே? அது துடைக்காது. என் நண்பன் ஃபைலோடு அப்டேட் செய்திருக்கிறான். அதைப் போட்டால் என்ன?

பெஞ்ச்_மதுரை – ஜூன் 4, இரவு 9.00

நல்ல டிரைவில் துடைக்காது, சரிதான். ஆனால் கம்பெனியின் அப்டேட் புரோகிராம் முதலில் மாடல் பெயரைப் பார்க்கும். இங்கே பெயரே மாறிவிட்டதால் இது என் டிரைவ் இல்லை என்று விலகிவிடும். வலுக்கட்டாயமாக ஏற்றினாலும் அறுந்த அட்டவணை அதனால் ஒட்டாது.

இதற்கு எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் இன்டெல் 320 எஸ்எஸ்டி. 2011-இல் பவர் போய் வந்தபின் சில டிரைவுகள் 8 எம்பி அளவு காட்டின, சீரியல் எண் இருந்த இடத்தில் `BAD_CTX` என்று வந்தது. அக்கா கேட்ட கேள்வியை அப்போது உலகம் முழுக்கக் கேட்டார்கள். அந்த ஆகஸ்டில் இன்டெல் திருத்திய ஃபர்ம்வேர் கொடுத்தது. அது இன்னும் நன்றாக ஓடுகிற டிரைவுகளுக்கு வராமல் தடுக்க. ஏற்கெனவே 8 எம்பி ஆகிவிட்டவற்றை முழுதாக அழித்துத்தான் மறுபடி பயன்படுத்த முடிந்தது, உள்ளே இருந்தது போனது போனதுதான். அப்டேட் வருமுன் காப்பதற்கு; வந்தபின் அதை நம்ப முடியாது.

நீங்கள் சொல்லும் டூலிலும் ஒரு ஆபத்து இருக்கிறது, டிரைவ் மட்டும் வேண்டும் என்பவர்களுக்கும். அந்த ஃபர்ம்வேர் உள்ளே இருக்கும் ஃபிளாஷ் சிப்பின் வகைக்குப் பொருந்த வேண்டும். ஒரே மாடல், ஒரே ஸ்டிக்கர், ஆனால் உள்ளே வேறு வேறு சிப் போட்டு விற்கிறார்கள். சில நேரம் கன்ட்ரோலரே வேறு. ஸ்டிக்கரைப் பார்த்து ஃபைல் தேர்ந்தெடுத்தால் நடக்காது.

கும்பகோணம்_டிடிபி – ஜூன் 5, காலை 10.40

சென்னையில் ஒரு லேபில் பேசினேன். பெயரைச் சொன்னதுமே அந்தத் தம்பிக்குப் புரிந்துவிட்டது. பார்ப்பதற்குக் காசு இல்லை, ஃபைல் பட்டியல் காட்டிய பிறகு 14,000 ரூபாய் என்கிறார். மலருக்கு எனக்கு வருவதே அதற்குப் பாதிதான். ஆனால் கோயில்காரர்கள் கொடுத்த பழைய கல்வெட்டுப் படங்களை ஸ்கேன் செய்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், மறுபடி போய்க் கேட்க முகம் இல்லை. கொடுக்கப் போகிறேன். போவதற்கு முன் என்ன கேட்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

பெஞ்ச்_மதுரை – ஜூன் 5, காலை 11.05

இரண்டு கேள்வி போதும். இந்தக் கன்ட்ரோலருக்கு அவர்களிடம் கருவி இருக்கிறதா? பிசி-3000 எஸ்எஸ்டி என்று சொல்வார்கள். அது சின்ன புரோகிராம் ஒன்றைக் கன்ட்ரோலரின் ரேமில் மட்டும் ஏற்றும். ஃபிளாஷில் எழுதாது. பிறகு சிப்பில் கிடக்கும் துண்டுகளைப் பார்த்து, அட்டவணையைத் தன் கணினியில் கட்டும். இரண்டாவது கேள்வி, டிரைவுக்குள் எதையும் எழுதாமல் செய்வீர்களா என்பது. "ஃபர்ம்வேர் போட்டுப் பார்க்கிறோம்" என்று பதில் வந்தால் டிரைவை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

மூடியை நீங்கள் திறக்க வேண்டாம். குமார் சொன்ன அதே இரண்டு புள்ளிகளைத்தான் அவர்களும் ஷார்ட் செய்வார்கள். அதற்குப் பிறகு செய்வதுதான் வேறு.

சிப்பைக் கழற்றிப் படிக்கிறோம் என்று யாராவது சொன்னால் ஏன் என்று கேளுங்கள். இந்த வகை டிரைவில் கன்ட்ரோலர் வழியாகப் படிப்பதுதான் முதல் வழி.

மாடிவீடு – ஜூன் 9, இரவு 7.30

அக்கா, என்ன ஆயிற்று? தினமும் வந்து பார்த்துவிட்டுப் போகிறேன்.

கும்பகோணம்_டிடிபி – ஜூன் 12, மாலை 6.10

வந்துவிட்டது! பட்டியலில் மலர் ஃபோல்டரைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

முழுசாக இல்லை. ஸ்கேன் செய்த படங்கள் எல்லாம் திறக்கின்றன. பத்திரிகை டிசைன்களில் பெரும்பாலானவை சரி. மலர் கோரல் ஃபைல் இரண்டு திறக்கவில்லை. ஒன்று திறக்கிறது, ஆனால் மே மாதம் முதல் வாரத்தில் இருந்த நிலைமை. அதற்குப் பிறகு நான் செய்த திருத்தம் எதுவும் அதில் இல்லை. எப்படி ஒரு ஃபைல் பழைய தேதிக்குப் போகும்?

பெஞ்ச்_மதுரை – ஜூன் 12, இரவு 8.45

ரொம்ப சந்தோஷம் அக்கா.

பழைய தேதிக்குக் காரணம் இருக்கிறது. ஃபிளாஷ் சிப்பில் எழுதியதன் மேலேயே எழுத முடியாது. நீங்கள் ஒரு ஃபைலைச் சேவ் செய்யும்போது புதுத் துண்டு வேறு இடத்தில் எழுதப்படும். பழைய துண்டு செல்லாதது என்று குறிக்கப்பட்டு, துடைக்கப்படும் வரை அங்கேயே கிடக்கும். அட்டவணையைத் திரும்பக் கட்டும்போது புதிய துண்டு படிக்க முடியாத பக்கத்தில் இருந்தால் பழைய துண்டே சேர்ந்துவிடும். திறக்காத ஃபைல்களில் பாதி புதுசும் பாதி பழசும் கலந்திருக்கும். லேபில் இன்னொரு தடவை வேறு விதமாகக் கட்டிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், சில நேரம் கூடுதலாகக் கிடைக்கும். படிக்க முடியாத பக்கங்கள் எவ்வளவு இருந்தன என்றும் கேளுங்கள்.

கும்பகோணம்_டிடிபி – ஜூன் 13, காலை 11.00

கேட்டேன். நிறைய இருந்ததாம். ஒரு சிப்பில் மட்டும் இல்லை, எல்லாவற்றிலும் அங்கங்கே இருந்ததாம். இப்போது யோசித்தால், ஏப்ரலிலிருந்தே பெரிய ஃபைல் திறக்கும்போது கம்ப்யூட்டர் அரை நிமிஷம் அப்படியே நின்று பிறகு ஓடும். ரேம் போதவில்லை என்று நினைத்தேன்.

பெஞ்ச்_மதுரை – ஜூன் 13, மதியம் 12.30

அப்படியானால் முதல் நாள் நான் சொன்னது தவறு. கரண்ட் போனதுதான் காரணம் என்று எழுதினேன். ராத்திரி முறையாக அணைத்தீர்கள், காலையில்தான் போயிற்று என்று நீங்கள் எழுதியிருந்ததை நான் சரியாக எடுத்துக்கொள்ளவில்லை. சிப் மாதக்கணக்கில் நலிந்து வந்திருக்கிறது. அரை நிமிஷம் நின்றது, கன்ட்ரோலர் ஒரு பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க முயன்றதாக இருக்கும். கடைசியில் அட்டவணை இருக்கும் பக்கமே படிக்க முடியாமல் போன அன்று பெயர் மாறியது. கரண்ட் வெட்டு அதை ஒரு வாரம் முன்னால் இழுத்துவந்ததா, சம்பந்தமே இல்லையா என்பதை இந்த டிரைவைப் பார்த்துச் சொல்ல முடியாது.

குமார், இது உங்களுக்கும்தான். ஃபிளாஷ் செய்து ஓடுகிற உங்கள் டிரைவும் முதலில் எதனால் அந்த நிலைக்குப் போனதோ, அந்த சிப் இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

ஃபிளாஷ்_குமார் – ஜூன் 13, இரவு 9.50

அதைத்தான் இரண்டு நாளாக யோசிக்கிறேன். அதில் இப்போது அப்பாவின் பென்ஷன் பேப்பர் ஸ்கேன் எல்லாம் போட்டு வைத்திருக்கிறேன். இன்று எல்லாவற்றையும் வேறு டிஸ்குக்கு மாற்றிவிட்டேன். ஆனால் ஒன்று, எட்டு மாதமாக ஒரு தடவைகூட நின்றதில்லை. ஃபர்ம்வேரில் மட்டும் பிழை இருந்து சிப் நன்றாகவே இருந்திருக்கலாம் இல்லையா? அந்த டூல் கெட்ட இடங்களை எண்ணியபோது மிகக் குறைவாகத்தான் காட்டியது.

பெஞ்ச்_மதுரை – ஜூன் 13, இரவு 10.15

இருக்கலாம். உங்களுடையது உண்மையிலேயே பவர் போனதால் நேர்ந்ததாக இருக்கலாம். ஆனால் அந்த டூல் எழுதிய உடனே எண்ணிய கணக்கு அது. எழுதிய தகவல் ஆறு மாதம் தங்குகிறதா என்பதை அன்றைக்கே எப்படித் தெரிந்துகொள்வது? விளையாட்டு போட்டு வைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய_ஐடிஇ – ஜூன் 14, காலை 6.45

அந்த இரண்டு பேரில் ஒருவர் போன மாதமே அந்தக் கட்டளையை ஒரு 2 டிபி டிஸ்கில் அடித்துவிட்டாராம். ஃபோல்டர் பெயர்கள் தெரிகின்றன, படம் எதுவும் திறக்கவில்லை என்கிறார். மேற்கொண்டு எதையும் செய்யாமல் கழற்றி வைக்கச் சொல்லியிருக்கிறேன். தம்பி, உங்களுக்குத் தனியாக எழுதுகிறேன், டிஸ்கைக் கொண்டுவந்து காட்டலாமா?

பெஞ்ச்_மதுரை – ஜூன் 14, காலை 8.00

கொண்டுவாருங்கள் அண்ணே. போர்டை மாற்றவோ திருகைக் கழற்றவோ வேண்டாம் என்று சொல்லுங்கள். டெர்மினலில் அடித்தபோது திரையில் வந்ததை அவர் சேமித்திருந்தால் அதையும் எடுத்துவரச் சொல்லுங்கள், எது அடித்தார் என்று தெரிந்தால்தான் எங்கே நகர்ந்தது என்று பார்க்க முடியும்.

கும்பகோணம்_டிடிபி – ஜூன் 18, இரவு 11.35

லேபில் இரண்டாவது தடவை கட்டிப் பார்த்ததில் திறக்காத இரண்டு ஃபைலில் ஒன்று கிடைத்தது. மற்றதில் இருந்த ஒன்பது பக்கத்தைப் பழைய அச்சுப்படியைப் பார்த்துத் திரும்ப டைப் செய்து முடித்தேன். மே மாதத் திருத்தங்களைக் கோயில் குருக்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். நாளை மறுநாள் காலையில் பிரஸ்ஸுக்குப் போகிறது. மலரின் காப்பி இப்போது மூன்று இடத்தில் இருக்கிறது, ஒன்று குருக்கள் வீட்டில். அந்த எஸ்எஸ்டியைத் திருப்பி அனுப்பினார்கள், இன்னும் `SATAFIRM   S11` என்றே காட்டுகிறது. அதை ஃபிளாஷ் செய்ய வேண்டாம் என்று மேஜை டிராயரில் போட்டு வைத்திருக்கிறேன்.